மெசஞ்சர் பேச்ச இறக்கி வச்சுட்டு அக்கவுண்ட்ட மூடுறது: எது வரும், எது வராது

போன மாசம் தட்டோன்ல இருந்து அக்கா ரங்கூன் வந்திருந்தாங்க, வந்த மறுநாளே லேப்டாப்ப என் முன்னாடி வச்சு, "தம்பி, ஃபேஸ்புக்க மூடிடலாம்னு இருக்கேன், எல்லாத்தையும் டவுன்லோட் பண்ணிட்டேன், ஆனா உள்ள பெரிய அத்தையையே காணோம்"னு சொன்னாங்க. பெரிய அத்தை 1964ல கடையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிட்டப்ப கப்பல் ஏறி மெட்ராஸ் போனவங்க, இப்ப வியாசர்பாடில இருக்காங்க. அவங்களுக்கு டைப் பண்ண வராது, அதனால மைக்க அமுக்கி பேசித்தான் அனுப்புவாங்க. யார் யாருக்கு என்ன முறை, பெகுல இருந்த வீடு எந்த தெரு, தாத்தா கூட பிறந்தவங்க எத்தன பேர், இப்படி எட்டு வருஷமா துண்டு துண்டா சொன்னது எல்லாம் அக்காவோட மெசஞ்சர்லதான் இருக்கு, வேற எங்கயும் எழுதி வைக்கல.

அந்த டவுன்லோட்ட பிரிச்சு பாத்து, காணாம போனத தேடி எடுத்தது வரைக்கும் அன்னைக்கு என்ன நடந்துச்சோ அதத்தான் இங்க எழுதுறேன். அக்கவுண்ட்ட மூடணும்னு நினைக்கிறவங்க இத முதல்ல படிச்சுட்டு அப்புறம் மூடுங்க, ஏன்னா டவுன்லோட் முடிஞ்சுதுன்னு மெயில் வர்றதும் எல்லாம் வந்துடுச்சுங்கிறதும் ஒண்ணு இல்ல.

முதல்ல இந்த டவுன்லோட் எப்படி கேக்கிறதுன்னு பாத்துடலாம். ஃபேஸ்புக் செட்டிங்ஸ்ல Accounts Center உள்ள போனா Your information and permissions னு ஒண்ணு இருக்கும், அதுக்குள்ள Download your information, சிலருக்கு அதே இடத்துல Export your information னு இருக்கும், ரெண்டும் ஒண்ணுதான். அது உங்க அக்கவுண்ட் பேர்ல சர்வர்ல இருக்கிறத எல்லாம் ஒரு ஜிப் ஃபைலா கட்டி உங்க கையில குடுக்கும். எல்லாத்தையும் கேக்கணும்னு இல்ல, பேச்சு மட்டும் போதும்னா Messages மட்டும் டிக் பண்ணலாம். இதுல மூணு இடம் கவனமா பாக்கணும். தேதி கேக்குற இடத்துல All time னு மாத்தணும், தானா இருக்கிறது பெரும்பாலும் போன ஒரு வருஷம் மட்டும்தான், அத கவனிக்காம விட்டா பழசு ஒண்ணும் வராது, வரலன்னு எங்கயும் சொல்லவும் சொல்லாது. போட்டோ தரம் கேக்குற இடத்துல High. ஃபார்மட் கேக்குற இடத்துல HTML, ஏன் அதுன்னு கீழ சொல்றேன். கேட்ட உடனே வந்துடாது, ரெடியானதும் மெயில் வரும், சில மணி நேரமும் ஆகலாம், சில நாளும் ஆகலாம், வந்த பிறகு அந்த ஃபைல் கொஞ்ச நாள்தான் அங்க இருக்கும், விட்டா மறுபடி முதல்ல இருந்து கேக்கணும்.

நம்ம ஊர்ல இதுக்கு மேல இன்னொரு பாடு இருக்கு. 2021 பிப்ரவரில ஃபேஸ்புக்க தடுத்ததுல இருந்து விபிஎன் இல்லாம உள்ள போக முடியாது, கரண்ட்டும் எப்ப போகும்னு தெரியாது, விபிஎன் வழியா பெரிய ஜிப்ப இறக்கும்போது பாதில அறுந்தா மறுபடி முதல்ல இருந்துதான். அக்காவோடது ரெண்டு ஜிப், சேத்து 1.4 ஜிபி, முதல் தடவ மூணு முறை அறுந்துடுச்சாம். இதுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, தேதிய பிரிச்சு வருஷம் வருஷமா சின்ன சின்னதா கேக்கிறது. இன்னொண்ணு, உங்க மெஷினுக்கு இறக்காம கூகுள் ட்ரைவுக்கு நேரா அனுப்ப சொல்றது, அந்த வேலைய சர்வரும் சர்வரும் பேசி முடிச்சுக்கும், நம்ம லைன் அறுந்தா அதுக்கு ஒண்ணும் ஆகாது, அப்புறம் ட்ரைவ்ல இருந்து நெட் நல்லா இருக்கிற ராத்திரி இறக்கிக்கலாம். ட்ரைவ்ல இலவசமா இருக்கிற இடம் 15 ஜிபி, அதுல மெயிலும் போட்டோவும் சேந்துதான் கணக்கு, அதனால முதல்ல எவ்வளவு காலி இருக்குன்னு பாத்துக்கோங்க. இன்னொரு விஷயம், கேக்கும்போது ஒரு நாடு, இறக்கும்போது வேற நாடுன்னு விபிஎன்ன மாத்திக்கிட்டே இருக்காதீங்க, வேற யாரோ உள்ள வந்துட்டாங்கன்னு அக்கவுண்ட் பூட்டிக்கும், அப்ப டவுன்லோடும் நின்னுடும்.

சரி, ஜிப் வந்துடுச்சு. இத பிரிக்கிறதுலயே பாதி பேர் ஏமாந்து போறாங்க. ஜிப்ப டபுள் கிளிக் பண்ணி உள்ள இருக்கிற பக்கத்த அப்படியே திறந்தா எழுத்து தெரியும், போட்டோ தெரியாது, குரல் ஓடாது, உடனே போட்டோ வரலன்னு நினைச்சுப்போம். உண்மையில அந்த பக்கம் பக்கத்து ஃபோல்டர்ல இருக்கிற போட்டோவ தேடுது, ஜிப்புக்குள்ள இருந்தா அதால தேட முடியாது. அதனால முழுசா எக்ஸ்ட்ராக்ட் பண்ணணும், ரெண்டு மூணு ஜிப் வந்திருந்தா எல்லாத்தையும் ஒரே ஃபோல்டருக்குள்ள எக்ஸ்ட்ராக்ட் பண்ணணும், ஏன்னா பேச்சு ஒரு ஜிப்லயும் அதே பேச்சோட போட்டோ இன்னொரு ஜிப்லயும் இருக்கும். அப்புறம் start_here.html அ திறந்தா வழி காட்டும்.

பேச்சு இருக்கிற இடம் இது:

```
your_facebook_activity/messages/
    inbox/
    e2ee_cutover/
    archived_threads/
    message_requests/
```

ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு ஃபோல்டர், உள்ள message_1.html, message_2.html னு இருக்கும், 1ங்கிறதுதான் புதுசு, நம்பர் ஏற ஏற பழசு. கூடவே photos, audio, videos னு ஃபோல்டர். தமிழ்லயோ பர்மாலயோ பேர் வச்சிருக்கிறவங்களுக்கு ஃபோல்டர்ல பேர் விழாம நம்பர் மட்டும் இருக்கலாம், ஒவ்வொண்ணா திறந்து பாக்க வேண்டியதுதான்.

அக்கா இத எல்லாம் சரியாத்தான் பண்ணியிருந்தாங்க. inbox உள்ள எல்லாரும் இருந்தாங்க, பள்ளிக்கூட சிநேகிதிங்க, மோல்மேன்ல இருக்கிற மச்சான், ரெண்டு குரூப். அத்தை மட்டும் இல்ல. நான் e2ee_cutover ங்கிற ஃபோல்டர திறந்தேன், அங்க அத்தை இருந்தாங்க, 2017ல அனுப்புன முதல் குரல்ல இருந்து வரிசையா இருந்துச்சு, அக்கா முகத்துல அப்பதான் உசிரு வந்துச்சு. ஆனா message_1.html ல ஆக மேல இருந்த தேதி 2024 பிப்ரவரி 18. அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல. போன்ல பாத்தா முந்தாநாள் வரைக்கும் அத்தை பேசியிருக்காங்க.

இது எதுவும் தொலைஞ்சு போனது இல்ல. 2023 டிசம்பர்ல இருந்து மெசஞ்சர்ல ஆளுக்கு ஆள் பேசுற பேச்ச எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா ரெண்டு முனையும் பூட்டுன பேச்சா மாத்த ஆரம்பிச்சாங்க. அப்படின்னா நீங்க அனுப்புறது உங்க போன்லயே பூட்டப்பட்டு, எதிர்ல இருக்கிறவங்க போன்லதான் திறக்கும், நடுவுல சர்வர்ல இருக்கிறது பூட்டுன பெட்டி மட்டும், சாவி அவங்ககிட்ட கிடையாது. நாம கேட்ட டவுன்லோட்ட கட்டுறது சர்வர், அதால படிக்க முடிஞ்சதத்தான் கட்ட முடியும். அதனால ஒரு பேச்சு எந்த நாள் பூட்டுக்கு மாறுச்சோ அந்த நாளோட சாதா டவுன்லோட் நின்னுடும், அதுக்கு முன்னாடி உள்ளது மட்டும் e2ee_cutover ங்கிற பேர்ல தனியா வரும். அந்த பேர்ல உள்ள கட்ஓவர்ங்கிறது மாறுன இடம்னு அர்த்தம். எல்லா பேச்சும் ஒரே நாள்ல மாறல, அக்காவுக்கு அத்தையோடது பிப்ரவரி, மச்சானோடது இன்னும் மாறவே இல்ல, அதனாலதான் அவரு inbox லயே முழுசா இருந்தாரு.

இத கண்டுபிடிக்க சுலபமான வழி ஒண்ணுதான். முக்கியமான ஒவ்வொரு ஆளோட பேச்சுலயும் கடைசி தேதிய பாருங்க, போன்லயும் கடைசி தேதிய பாருங்க. ரெண்டும் ஒத்துப்போகலன்னா மிச்சம் பூட்டுன பெட்டில இருக்கு.

அந்த பெட்டிய இறக்கிறதுக்கு தனி வழி. கம்ப்யூட்டர் பிரவுசர்ல ஃபேஸ்புக்க திறந்து, மெசஞ்சர் குறிய அமுக்கி, மூணு புள்ளில Privacy & safety, அதுக்குள்ள End-to-end encrypted chats, அதுக்குள்ள Message storage, அங்க Download secure storage data. இத அமுக்குனா உங்க பிரவுசருக்குள்ளயே பூட்டு திறந்து ஃபைல் தயாராகும், அதனால ஆறு இலக்க பின் நம்பர் கேக்கும். இங்கதான் அக்கா மாட்டுனாங்க. அந்த பின் எப்ப வச்சாங்க, என்ன வச்சாங்கன்னே ஞாபகம் இல்ல, எப்பவோ போன்ல ஒரு கட்டம் வந்து கேட்டிருக்கு, ஏதோ போட்டிருக்காங்க. நல்லவேளை பழைய போன்ல அக்கவுண்ட் லாக்அவுட் ஆகாம இருந்துச்சு, பேச்சு எல்லாம் அதுல தெரியுது, அப்படி ஏற்கனவே திறந்திருக்கிற போன்ல இருந்து அதே Message storage இடத்துல போய் பின்ன புதுசா மாத்திக்கலாம். அது மாதிரி ஒரு போனும் இல்லாம, பின்னும் மறந்து, வேற மீட்பு வழியும் வைக்காம இருந்தா அந்த பெட்டிய யாராலயும் திறக்க முடியாது. அதனால எல்லாம் கையில வர்ற வரைக்கும் பழைய போன ரீசெட் பண்ணாதீங்க, ஆப்ப அழிச்சு மறுபடி போடுறதும் வேண்டாம், இத கொஞ்சம் அழுத்தியே சொல்றேன். சில பேர் அந்த சேமிப்பையே ஆஃப் பண்ணி வச்சிருப்பாங்க, அப்படின்னா பேச்சு அந்த போன்ல மட்டும்தான் இருக்கு, அதுக்கு ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறதும் குரல ஒவ்வொண்ணா சேவ் பண்றதும்தான் வழி.

பின் மாத்துனதும் அக்காவோட ரெண்டாவது டவுன்லோட் வந்துச்சு. 2024 பிப்ரவரி 18க்கு அப்புறம் உள்ள அத்தை அதுலதான் இருந்தாங்க. இது HTML இல்ல, JSON, அதாவது பக்கம் மாதிரி அழகா தெரியாது, யார், எப்ப, என்னன்னு வரி வரியா இருக்கும், நேரம் கூட நீளமா ஒரு நம்பரா இருக்கும். போட்டோவும் குரலும் media ங்கிற ஃபோல்டர்ல.

இப்ப JSON பத்தி. சாதா டவுன்லோட்ல ஃபார்மட் கேக்கும்போது HTML போடுங்கன்னு சொன்னேன்ல, காரணம் நம்ம எழுத்து. JSON போட்டா தமிழ் இப்படி வரும்:

```
"\u00e0\u00ae\u0085\u00e0\u00ae\u0095\u00e0\u00af\u008d\u00e0\u00ae\u0095\u00e0\u00ae\u00be"
```

இது "அக்கா". கண்ணுக்கு மூணு எழுத்து, ஆனா கம்ப்யூட்டருக்கு அ, க, புள்ளி, க, கால்னு அஞ்சு, ஒவ்வொண்ணும் மூணு மூணு பைட், ஆக பதினஞ்சு. அந்த மூணு பைட்டையும் சேத்து ஒரு தமிழ் எழுத்தா எழுதாம ஒவ்வொரு பைட்டையும் தனித்தனி எழுத்தா எழுதி வச்சிருக்கு, அதனாலதான் திறந்தா à ® மாதிரி குப்பையா தெரியுது. எழுத்து அழியல, ஒட்டு விட்டிருக்கு, அவ்வளவுதான். ஏற்கனவே JSON ல இறக்கிட்டு அக்கவுண்ட்ட மூடிட்டவங்க பயப்பட வேண்டாம், பைத்தான் தெரிஞ்ச பசங்க யாரையாவது பிடிச்சா ஒரு வரில ஒட்டிடுவாங்க:

```python
sari = kuppai.encode("latin-1").decode("utf-8")
```

இன்னும் மூடாதவங்க HTML ல கேளுங்க, அதுல தமிழ் நேராவே தெரியும்.

பர்மா எழுத்துக்கு இது வேற கதை. 2019 அக்டோபர் 1ல நாடு முழுக்க யூனிகோடுக்கு மாறுறதுக்கு முன்னாடி நாம எல்லாரும் ஸோஜி எழுத்துலதான் டைப் பண்ணிக்கிட்டு இருந்தோம், ஆப்புக்குள்ள அது தானா மாத்தி காட்டும், ஆனா இறக்குன ஃபைல்ல அன்னைக்கு டைப் பண்ணது அப்படியே இருக்கும், அதனால இன்னைக்கு போன்ல பாத்தா கொக்கியும் வட்டமும் இடம் மாறி கிடக்கும். அக்காவோட பள்ளிக்கூட சிநேகிதிங்க பேச்சுல 2019க்கு முன்னாடி உள்ளது முழுக்க அப்படித்தான் இருந்துச்சு, ஸோஜிய யூனிகோடுக்கு மாத்துற கன்வர்ட்டர்ல போட்டதும் படிக்க முடிஞ்சுது.

குரல் ஃபைல் பத்தி ஒண்ணு சொல்லணும், ஏன்னா வீட்டுக்கு வீடு வயசானவங்க பேச்சு இப்படித்தான் இருக்கு. audio ஃபோல்டர்ல இருக்கிற ஒவ்வொண்ணும் audioclip னு ஆரம்பிச்சு பின்னாடி பெரிய நம்பரோட இருக்கும், முடியறது .mp4 னு இருக்கும், வீடியோன்னு நினைச்சு அழிச்சுடாதீங்க, திறந்தா குரல் கேக்கும். அத்தை ஃபோல்டர்ல 412 இருந்துச்சு, அதுல அக்கா பேசுனதும் அத்தை பேசுனதும் கலந்து கிடக்கு, ஃபைல் பேர பாத்து யார் பேசுறான்னு சொல்ல முடியாது. அது message பக்கத்துலதான் இருக்கு, பேரு, தேதி, கீழ அந்த குரல். அதனால குரல் மட்டும் போதும்னு audio ஃபோல்டர மட்டும் பென்டிரைவ்ல தூக்கி போட்டுட்டு மத்தத அழிச்சா, யார் எப்ப எதுக்கு பதிலா பேசுனாங்கங்கிறது போயிடும். ஃபோல்டர அப்படியே வைங்க, உள்ள பேர் கூட மாத்தாதீங்க, மாத்துனா பக்கத்துக்கும் ஃபைலுக்கும் உள்ள தொடுப்பு அறுந்துடும்.

ரெண்டு டவுன்லோடும் பண்ணியும் வராதது சிலது இருக்கு. நீங்க முன்னாடியே அழிச்சது வராது. எதிர்ல இருக்கிறவங்க திரும்ப எடுத்துக்கிட்டதும் வராது, எடுத்துக்கிட்டாங்கங்கிற குறிப்பு மட்டும் இருக்கும். தானா மறையற மாதிரி வச்சு பேசுனது மறைஞ்சதுதான். கால் பேசுனது எவ்வளவு நேரம்னு மட்டும் வரும், பேசுனது வராது. யாராவது ஒரு போஸ்ட்ட உங்களுக்கு மெசேஜ்ல அனுப்பியிருந்தா லிங்க் மட்டும்தான் வரும், அவங்க அந்த போஸ்ட்ட எடுத்துட்டா அந்த லிங்க்ல ஒண்ணும் இருக்காது.

ஆனா எனக்கு இதுல எல்லாத்தையும் விட பெரிய ஓட்டையா படுறது கமெண்ட்தான். மெசஞ்சர்ல பேசுறது ஒரு பேச்சுன்னா, போட்டோ கீழ சொந்தக்காரங்க கூடி பேசுறதும் பேச்சுதானே. அக்கா 2018 பொங்கலுக்கு ஒரு போட்டோ போட்டிருந்தாங்க, தாத்தாவோட பழைய படம், அதுக்கு கீழ மெட்ராஸ்ல இருந்தும் பெகுல இருந்தும் ஆளுக்கு ஒண்ணா எழுதி, பின்னாடி நிக்கிறது யாரு, அந்த கோயில் எதுன்னு கண்டுபிடிச்சிருந்தாங்க. டவுன்லோட்ல முழுசா எல்லாத்தையும் கேட்டாலும் கமெண்ட்ஸ்ங்கிற இடத்துல வர்றது நீங்க எழுதுனது மட்டும்தான், மத்தவங்க உங்க போட்டோ கீழ எழுதுனது அவங்க பேர்ல உள்ளது, உங்க ஜிப்ல வராது. அக்காவோட ஜிப்ல என்ன இருந்துச்சுன்னா, "ஆமா சித்தி", "அது அவங்கதானா, எனக்கு தெரியவே தெரியாது", "நன்றி மாமா". எது ஆமா, எவங்க அவங்க, ஒண்ணும் இல்ல. அதே மாதிரி மத்தவங்க போட்டு உங்கள டேக் பண்ண போட்டோவும் வராது, குரூப்ல மத்தவங்க எழுதுனதும் வராது.

இதுக்கு குறுக்கு வழி எனக்கு தெரிஞ்சு இல்ல, கையாலதான் செய்யணும். முக்கியமான போஸ்ட்ட கம்ப்யூட்டர்ல தனியா திறந்து, கமெண்ட் எதுல Most relevant னு இருக்கோ அத All comments னு மாத்தி, மிச்சம் காட்டுங்கிற எல்லாத்தையும் அமுக்கி விரிச்சு, அப்புறம் Ctrl+P அமுக்கி பிடிஎஃப்பா சேவ் பண்ணணும். All comments னு மாத்தலன்னா சில கமெண்ட் மறைஞ்சே இருக்கும், பிடிஎஃப்லயும் விழாது. பக்கம் சரியா விழலன்னா ஸ்கிரீன்ஷாட். அக்கா மொத்தம் முப்பது போஸ்ட் எடுத்து வச்சாங்க, ஒரு சாயங்காலம் ஆச்சு.

இறக்குனத எங்க வைக்கிறதுன்னும் யோசிங்க. ஜிப்புக்கு பூட்டு ஒண்ணும் கிடையாது, மெசஞ்சர்ல பூட்டி வச்சிருந்த பேச்சு கூட இறக்குன பிறகு யார் திறந்தாலும் படிக்கலாம். ரோட்ல போன வாங்கி பாக்குற காலம் இது, அதனால போன்ல வச்சுக்கிட்டு சுத்த வேண்டாம், டவுன்லோட்ஸ் ஃபோல்டர்ல மிச்சம் கிடக்கிற காப்பியையும் அழிச்சுடுங்க. அக்கா ஒண்ண பாஸ்வேர்ட் போட்ட ஜிப்பா மாத்தி வீட்டு ஹார்ட்டிஸ்க்ல வச்சாங்க, இன்னொண்ணு அதே மாதிரி என்கிட்ட.

கடைசியா மூடுறது. Deactivate வேற, Delete வேற. முதல் ஒண்ணுல பக்கம் மறையும், மெசஞ்சர் ஓடும், எப்ப வேணும்னாலும் திரும்பலாம். ரெண்டாவது அமுக்குனா 30 நாள் டயம், அதுக்குள்ள உள்ள போய் வேண்டாம்னு சொன்னா நிக்கும், அதுக்கு மேல போனா திரும்ப வழி இல்ல, சர்வர்ல இருந்து முழுசா அழிய 90 நாள் வரைக்கும் ஆகலாம். நீங்க மூடுனதால மத்தவங்க இன்பாக்ஸ்ல இருக்கிற உங்க மெசேஜ் அழியாது, பேர் இருந்த இடத்துல Facebook user னு நிக்கும். அத்தைக்கு அத பாத்தா யாருன்னு புரியாது, அதனால அக்கா முன்னாடியே கூப்பிட்டு, "அத்தை, இனிமே இந்த நம்பர்ல வைபர்ல பேசுங்க"ன்னு சொல்லி, அத்தையோட பேத்திய விட்டு அந்த நம்பர சேவ் பண்ண வச்சாங்க.

அக்கா இன்னும் Delete அமுக்கல. ரெண்டு டவுன்லோடையும் வேற ஒரு கம்ப்யூட்டர்ல, நெட்ட ஆஃப் பண்ணிட்டு திறந்து, 2017ல முதல் குரல் ஓடுதா, 2024 பிப்ரவரி 18ல உள்ளது ஓடுதா, முந்தாநாள் உள்ளது ஓடுதான்னு பாத்தோம். மூணும் ஓடுச்சு. பொங்கல் போட்டோவோட பிடிஎஃப்ல மட்டும் நடுவுல ரெண்டு கமெண்ட் விரியாம விட்டுப்போச்சு, அத ஞாயித்துக்கிழம திரும்ப எடுக்கணும்.